44 பிள்ளைகள், 3 பந்து, மூன்றில் ஒரு பங்கு கிரவுண்ட்: பி.டி. பீரியடை எந்த முறையில் நடத்துவது?

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. ஒரே மைதானம், அதில் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு, ஒரு ஓரத்தில் சைக்கிள் ஸ்டாண்ட், இன்னொரு ஓரத்தில் சத்துணவுக் கூடம். பொருள் வைக்க அறை கிடையாது, பந்துகள் ஆசிரியர் அறை மேசைக்கு அடியில் கிடக்கும். இந்த இடத்தில் நமக்கு முன்னால் இருக்கிற வழிகள் என்னென்ன, எது எப்போது சரிப்படும் என்றுதான் இங்கே எழுதப் போகிறேன். மைதானத்தைப் பெரிதாக்குவது எப்படி, நிதி கேட்பது எப்படி என்பதெல்லாம் வேறு பேச்சு, இதில் வராது.

பேசுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, 44 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட் என்று வைத்துக்கொள்வோம். மைதானம் ஏறக்குறைய 60க்கு 35 மீட்டர், மூன்று வகுப்புக்கும் பங்கு போட்டால் நமக்கு 20க்கு 35 கிடைக்கும். கையில் ஒரு ஃபுட்பால், இரண்டு வாலிபால். வகுப்பிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நிற்க, வருகை பார்க்க, வார்ம்-அப் செய்ய ஒரு எட்டு நிமிடம், முடிந்து கை கால் கழுவித் திரும்ப நாலு நிமிடம். மிச்சம் 28 நிமிடம். எந்த முறையானாலும் இந்த 28 நிமிடத்துக்குள்தான், அதனால் நான் ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். இந்த 28 நிமிடத்தில் வகுப்பிலேயே மெதுவான பிள்ளை எவ்வளவு நேரம் அசைந்தது, எத்தனை தடவை பந்தையோ வளையத்தையோ தொட்டது? நன்றாக ஆடுகிற பிள்ளையை வைத்து அளந்தால் எல்லா முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும்.

இதை அளப்பது கஷ்டமில்லை. உடம்பு சரியில்லாமல் நிழலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தினமும் ஒன்றாவது இருக்கும். அதன் கையில் ஒரு தாளைக் கொடுத்து மூன்று பேரைக் காட்டுங்கள்: நன்றாக ஆடுகிற ஒருவர், சுமாரான ஒருவர், ஓரத்தில் நிற்கிற ஒருவர். ஐந்து நிமிடத்துக்கு யார் எத்தனை தடவை தொட்டார்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எந்த முறை என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

பந்தைக் கொடுத்து ஆட விடுவது

பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இதுதான். பையன்களிடம் ஃபுட்பால், பெண்களிடம் ஒரு வாலிபால், ஆசிரியர் விசிலோடு நடுவில். இதில் ஒரு நல்லது உண்டு, ஏற்பாடு எதுவும் வேண்டாம், பிள்ளைகளும் சந்தோஷமாக இருப்பார்கள், அதாவது ஆடுகிற பிள்ளைகள். கணக்குப் போட்டால் விஷயம் தெரியும். 44 பேருக்கும் ஒரே ஒரு பந்து, அது ஒரு வினாடிகூட நிற்காமல் சமமாகச் சுற்றுகிறது என்றாலும் 28 நிமிடத்தை 44 ஆல் வகுத்தால் ஆளுக்கு 38 வினாடிதான் வரும். பந்து சமமாகச் சுற்றாது என்பது உங்களுக்கே தெரியும். ஆறு ஏழு பேர் பந்தை எடுத்துக்கொள்வார்கள், பத்துப் பேர் பின்னால் ஓடுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள்.

வாலிபால் இன்னும் மோசம். இதை வாலிபால்மேல் கோபத்தில் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது. ஆனால் சர்வீஸே தாண்டாத பிள்ளைகளை ஆறுக்கு ஆறு நிறுத்தினால், சர்வீஸ் வலையில் விழும், எடுத்து வருவார்கள், அடுத்த சர்வீஸ் வெளியே போகும், எடுத்து வருவார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கிற நேரத்தைவிட எடுத்து வருகிற நேரம்தான் அதிகம். நெரிசலான மைதானத்தில் அந்த எடுத்து வருகிற வேலையே இன்னொரு பிரச்சினை, ஏனென்றால் பந்து போய் நிற்பது ஏழாம் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிற இடத்தின் நடுவில்.

பந்து குறைவு என்று நாம் சொல்கிறபோது எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறோம். நெரிசலான இடத்தில் பந்து எங்கே போகும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இரண்டு ஃபுட்பால் கூடுதலாகக் கிடைத்தால்கூட 20க்கு 35 மீட்டரில் மூன்று ஃபுட்பாலை உதைக்க விட முடியாது, பக்கத்து வகுப்பில் யார் முகத்திலாவது படும். ஃபுட்பாலைத்தான் கொடுக்க வேண்டும் என்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகிற அளவுக்கு. தொலைவு ஓடாது, படுகிறபோதும் வலி குறைவு. அதற்கும் கீழே இறக்கினால் பந்தின் தோல் மடிந்து மடிந்து வெடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு கட்டாய விதி: பந்து அடுத்த வகுப்புக்குள் போனால் நம் பிள்ளை யாரும் துரத்தக் கூடாது, அந்த வகுப்புப் பிள்ளை நின்று உருட்டிவிட வேண்டும். மோதல்கள் பெரும்பாலும் பந்து பட்டு நடப்பதில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே குனிந்து ஓடுகிற பிள்ளைமேல் இன்னொரு பிள்ளை வந்து விழுவதுதான் நடக்கிறது.

இந்த முறையை முழுசாகத் தள்ளச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் இருந்தால் ஒன்றின் கடைசிப் பத்து நிமிடம் இப்படி விடலாம். முழு வருஷத்தையும் இதிலேயே ஓட்டினால், பள்ளி முடிக்கிற வரைக்கும் ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகள் பாதி வகுப்பு இருக்கும்.

பந்தே வேண்டாம்: கோ-கோ, கபடி

"பந்து இல்லையா, கோ-கோ ஆட வை" என்று தலைமையாசிரியரே சொல்லுவார். கேட்க நல்ல யோசனைதான். பொருள் வேண்டாம், அறை வேண்டாம், நம் ஊர் ஆட்டம். ஆனால் கோ-கோவை விதிப்படி அப்படியே ஆட வைத்தால் 44 பேருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். துரத்துகிற அணியில் ஒன்பது பேர், அதில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் ஓடுவார். தப்பிக்கிற அணியில் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் உள்ளே. ஆக எந்த நிமிடத்தில் பார்த்தாலும் ஓடுகிறவர்கள் நாலே பேர், மிச்சம் 40 பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லது நிற்கிறார்கள். பந்து இல்லாத ஆட்டம் என்பதாலேயே எல்லோரும் ஆடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. களமும் 27க்கு 16 மீட்டர், நம் பங்கு முழுவதையும் ஒரே களம் விழுங்கிவிடும்.

அதே கோ-கோவை உடைத்துப் போட்டால் கதையே வேறு. 44 பேரை நாலு பதினொன்றாகப் பிரியுங்கள். 13க்கு 6 மீட்டரில் நாலு சின்னக் களம், இடையில் மூன்று மீட்டர் இடைவெளி. 35 மீட்டர் பக்கத்தில் இது சரியாக உட்காரும், நாலு ஆறு 24, மூன்று இடைவெளி ஒன்பது, ஆக 33. ஒவ்வொரு களத்திலும் ஆறு பேர் எதிரெதிர்த் திசை பார்த்து உட்காரட்டும், ஒருவர் துரத்தட்டும், நாலு பேர் தப்பிக்கட்டும். கம்பம் தேவையில்லை, இரண்டு முனையிலும் ஒரு பெரிய கோடு போதும், கோட்டைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொட்டால் அவுட், ஆனால் வெளியே போக வேண்டாம், துரத்துகிறவர்களுக்கு ஒரு புள்ளி, அவர் தொடர்ந்து ஓடலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிற நாலு பேரையும் மாற்றுங்கள். இப்போது ஒரே நேரத்தில் 20 பேர் ஓடுகிறார்கள், உட்கார்ந்திருக்கிற 24 பேரும் எந்த நொடியும் "கோ" வரலாம் என்று தயாராக இருக்கிறார்கள். பொருள் ஒன்றும் கூடவில்லை, களத்தைச் சின்னதாக்கினோம், வெளியேற்றுகிற விதியை எடுத்தோம், அவ்வளவுதான்.

இந்த வெளியேற்றும் விதிதான் கபடியிலும் இடிக்கிறது. அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்றால், முதலில் அவுட் ஆகிறது யார்? மெதுவான பிள்ளை. யாருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமோ அவர்தான் அதிக நேரம் வெளியே இருப்பார். போட்டியில் அது ஆட்டத்தின் அழகு, வகுப்பில் அதற்கு இடமில்லை, புள்ளி மட்டும் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கபடிக்கு இன்னொரு எல்லையும் உண்டு, தரை. செம்மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து வைத்த களம் இருந்தால் பிடித்து ஆடலாம். சரளைக் கல் தரையில் பிடித்து விழுந்தால் முட்டி முழங்கை எல்லாம் தோல் உரியும், மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள். அந்தத் தரையில் தொட்டுவிட்டு ஓடுகிற கபடி மட்டும், பிடி கிடையாது. பாடிக்கொண்டு போவது, கோட்டைத் தாண்டுவது, மூச்சை அடக்குவது எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

நெரிசலான மைதானத்துக்கு இந்த ஆட்டங்களின் பெரிய பலம், எதுவும் எல்லை தாண்டிப் பறக்காது என்பது. குறை, கைக்கு எந்த வேலையும் இல்லை. ஓட்டம், திருப்பம், மூச்சு எல்லாம் வரும், எறிவதும் பிடிப்பதும் வராது. ஒரு பருவம் முழுக்க இதிலேயே போனால் அடுத்த பருவத்தில் எறிபந்துக்கு ஆள் எடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

எல்லோர் கையிலும் ஏதாவது ஒன்று: வளையமும் டியூப் பந்தும்

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை, ஏனென்றால் நம்மிடம் இருந்தும் நாம் ஒதுக்கி வைத்திருக்கிற வழி இது.

வளையப்பந்து, டென்னிகாய்ட் என்று சொன்னால் "பெண் பிள்ளைகள் ஆட்டம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நெரிசலான மைதானத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. காற்று அடிக்க வேண்டாம், பஞ்சர் ஆகாது, கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே படுத்துவிடும், இருபது வளையத்தை ஒரு கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளையே வந்துவிடும். அறை இல்லாத பள்ளிக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய விஷயம். ஆசிரியர் அறை ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி, அவ்வளவுதான் அதற்கு ஸ்டோர். விதிப்படியும் மேலிருந்து கீழே அடித்து வீசக் கூடாது, வளையம் கையிலிருந்து மேல்நோக்கித்தான் கிளம்ப வேண்டும், அதனால் யார் முகத்திலும் வேகமாக வந்து அடிக்காது.

44 பேருக்கு 22 வளையம் இருந்தால் இரண்டு நீள வரிசை, ஆறு மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக, பக்கத்து ஆளுக்கும் நமக்கும் ஒன்றரை மீட்டர். 35 மீட்டர் பக்கத்தில் 22 ஜோடியும் நிற்கும். ஒரு வீச்சுக்கு ஐந்து வினாடி என்று வைத்தாலும் பத்து வினாடிக்கு ஒரு தடவை ஒரு பிள்ளை பிடித்தாக வேண்டும், பத்து நிமிடத்தில் 60 தடவை. பாதி கீழே விழுந்தாலும் 30. வாலிபாலில் அந்த ஓரத்துப் பிள்ளைக்கு எத்தனை கோடு விழுந்தது என்று தாளைப் பாருங்கள், ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். 11 வளையம்தான் இருக்கிறது என்றால் நாலு நாலு பேராக நிறுத்துங்கள், அப்போதும் வாலிபாலைவிடப் பல மடங்கு. வலைக்குப் பதில் ஒரு கயிற்றை வேப்ப மரத்திலிருந்து கம்பம் வரைக்கும் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரே கயிற்றுக்கு மேல் பல ஜோடிகள் ஆடலாம்.

வளையம் வாங்கக் காசு இல்லையா? தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை 50 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனைக்குள்ளும் குழாயின் உள்ளளவுக்குச் செதுக்கிய ஒரு மரத்துண்டை இறுக்கிச் செருகி, மேலே டேப் சுற்றினால் ஏறக்குறைய அதே அளவில் ஒரு வளையம் வரும். மரத்துண்டு வெளியே நீட்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பாருங்கள். வாரம் ஒரு தடவை டேப் பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், பிரிந்தது தெரியாமல் வீசினால் பாதியில் நேராக நிமிர்ந்து குத்தும்.

அடுத்தது டியூப் பந்து. சைக்கிள் கடையில் பஞ்சரே ஒட்ட முடியாத பழைய டியூபைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதைக் குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டே வந்தால் ரப்பர் பேண்ட் மாதிரி வளையங்கள் வரும். பழைய துணியைக் கசக்கி எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி, அதன்மேல் இந்த வளையங்களை ஒவ்வொன்றாக வேறு வேறு திசையில் மாட்டிக்கொண்டே போங்கள், துணி தெரியாமல் மூடுகிற வரைக்கும். துணிக்குப் பதில் செய்தித்தாளும் போடலாம், ஆனால் மழையில் நனைந்தால் உள்ளே கூழாகிவிடும், அதற்காகத்தான் கவர். கனம் வேண்டும் என்று சில பிள்ளைகள் நடுவில் கல்லை வைத்துவிடுவார்கள், அதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள், ஒவ்வொரு பந்தையும் கையில் அழுத்திப் பார்த்துத்தான் மைதானத்துக்குள் விட வேண்டும். ஒரு பீரியட் வகுப்பறையில் உட்கார்ந்து செய்தால் மொத்த வகுப்புக்கும் பந்து தயார்.

இந்தப் பந்து துள்ளாது. துள்ளாததுதான் நமக்கு வேண்டியது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். குறி பார்த்து எறிய, ஓடிக்கொண்டே பிடிக்க, ஒரு கையில் பிடிக்க, தோழன் ஓடுகிற இடத்துக்கு முன்னால் எறிய, எல்லாம் இதில் கற்றுக்கொடுக்கலாம். வாலிபால் மாதிரி முன்கையில் அடிக்க மட்டும் கூடாது, சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும், கை சிவந்துவிடும். வைக்க இடமும் கேட்காது, அவரவர் பந்து அவரவர் பையில் வீட்டுக்குப் போய்விடும். அதில் வருகிற ஒரே தொல்லை, கணக்குப் பாடத்தில் பையிலிருந்து பந்து வெளியே வந்து உருளும். அதனால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, வகுப்புக்குப் பின்னால் ஒரு பழைய உரச்சாக்கைத் தொங்கவிட்டு அதில் போட வைப்பது நல்லது. பந்தில் பெயரின் முதல் எழுத்தைப் பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள், சண்டை பாதி குறையும்.

இங்கே இன்னொரு யோசனையும் வரும், வீட்டிலிருந்து பந்து கொண்டுவரச் சொன்னால் என்ன என்று. அதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பந்து யாருடையதோ அவன்தான் முதலில் உதைப்பான், யார் ஆடலாம் என்பதையும் அவன்தான் சொல்வான், தொலைந்தால் அவன் வீட்டுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும், வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அந்தப் பீரியடே வேண்டாம் என்று வயிற்று வலி சொல்லும். டியூப் பந்தில் அந்த வித்தியாசம் இல்லை, எல்லோருடையதும் கறுப்பு.

வளையத்துக்கும் டியூப் பந்துக்கும் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்தில் நின்று வீசினால் உடம்பு சூடாகாது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அதே வரிசையில் நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். காலால் ஆடுகிற எதுவும் இதில் வராது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்கள் "ஃபுட்பால் எப்போ சார்" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். வயதில் சின்ன வகுப்புகளுக்கு, ஆறு ஏழுக்கு, இது மட்டுமே ஒரு பருவத்துக்குப் போதும். பெரிய வகுப்புக்கு இதோடு வேறு ஏதாவது சேர வேண்டும்.

குழுவாகச் சுற்ற விடுவது

அந்த வேறு ஏதாவதுதான் சுழற்சி. 44 பேரை நாலு குழுவாக்கி நாலு இடத்தில் நாலு வேலை கொடுத்து, ஆறு நிமிடம் ஆனதும் இடம் மாற்றுவது. இடம் மாற ஒரு நிமிடம் போனால் 28 நிமிடத்தில் நாலு சுற்றும் முடியும். முதல் இடத்தில் ஃபுட்பால், ஐந்துக்கு ஐந்து, 15க்கு 10 மீட்டருக்குள், கோல் கிடையாது, அடுத்தடுத்து ஐந்து பாஸ் கொடுத்தால் ஒரு புள்ளி. பதினொன்றாவது பிள்ளை எண்ணும், ஒவ்வொரு நிமிடமும் மாறும். இரண்டாவது இடத்தில் இரண்டு வாலிபாலும், ஐந்தாறு பேர் வட்டமாக நின்று கீழே விழாமல் தட்டுவது. மூன்றாவதில் மேலே சொன்ன சின்னக் கோ-கோ. நாலாவது மர நிழலில், வளையமோ டியூப் பந்தோ, இல்லை என்றால் கயிறு தாண்டுவது. ஃபுட்பாலுக்கு அந்த 11 பேரில் கணக்குப் போட்டால், ஆறு நிமிடத்தில் ஆளுக்கு 33 வினாடி வருகிறது. முதல் முறையில் காகிதக் கணக்குக்கே 38 வந்ததே என்று தோன்றும். ஆனால் அங்கே அந்த 38 யாருக்கும் கிடைக்கவில்லை, இங்கே ஐந்துக்கு ஐந்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாததால் 33க்குப் பக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதற்கு மேல் வாலிபாலும் ஓட்டமும் வளையமும் தனி.

காகிதத்தில் இதுதான் எல்லாவற்றையும்விடச் சிறந்தது. நடத்துவதில்தான் சிரமம். ஒரு ஆசிரியர், நாலு இடம். முதல் சில வாரம் பாதி நேரம் எங்கே போவது என்று கேட்பதிலேயே போய்விடும். ஆகவே நாலையும் ஒரே நாளில் ஆரம்பிக்காமல் முதலில் வகுப்பை இரண்டாகப் பிரித்து இரண்டே இடம், அது பழகியதும் மூன்று, அப்புறம் நாலு. புது வேலை எப்போதும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும், நீங்கள் அங்கே நிற்க வேண்டும், மற்ற மூன்றும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். குழுத் தலைவராக நன்றாக ஆடுகிறவரைப் போடாதீர்கள், அவர் ஆடத்தான் பார்ப்பார். நேரம் தவறாத, கொஞ்சம் கண்டிப்பான பிள்ளை ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும், பெரும்பாலும் பெண் பிள்ளை, அவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று விசில். மூன்று வகுப்பு இருக்கிற மைதானத்தில் மூன்று விசில் ஊதினால் யாருக்கு யார் ஊதியது என்றே தெரியாது, பக்கத்து ஆசிரியர் ஊதியதும் நம் பிள்ளைகள் இடம் மாறிவிடுவார்கள். நம் வகுப்புக்கு விசிலை விட்டுவிட்டுத் தட்டும் குச்சியுமாக ஒரு சத்தம் வைத்துக்கொள்ளலாம், சத்துணவுக் கூடத்தில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு கிடைக்கும். சுற்று எப்போதும் ஒரே திசையில், வலஞ்சுழியாக மட்டும். யாரும் குறுக்கே ஓடக் கூடாது.

இது சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? தட்டுச் சத்தம் கேட்டதிலிருந்து நாலு குழுவும் அடுத்த வேலையைத் தொடங்குகிற வரைக்கும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகிறது என்றால் நாலு சுற்றில் எட்டு நிமிடம் போச்சு, அந்த வகுப்புக்கு இன்னும் இரண்டு இடமே போதும் என்று அர்த்தம். 50, 55 பேர் இருக்கிற வகுப்பிலும், நீங்கள் புதிதாகப் போன பள்ளியில் முதல் மாதத்திலும் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

சக ஆசிரியரிடம் பேசிப் பந்தைச் சேர்ப்பது

மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் இறங்குகிற பள்ளியில் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். இப்போது வகுப்புக்கு ஒன்று இரண்டு என்று பிரித்துக்கொள்கிறோம், அதனால் யாருக்கும் பயன் இல்லை. பள்ளியில் மொத்தம் ஆறு பந்து இருந்தால் ஆறையும் ஒரு வகுப்புக்கே கொடுத்துவிட வேண்டும், அன்றைக்கு மற்ற இரண்டு வகுப்பும் பந்தில்லாத வேலை. அடுத்த நாள் அடுத்த வகுப்பு. ஆறு பந்து 44 பேருக்கு என்றால் ஏழெட்டுப் பேருக்கு ஒரு பந்து, அதில் உருப்படியாக ஒரு திறனைக் கற்றுக்கொடுக்கலாம். இடத்தையும் அதே மாதிரி பங்கு போட வேண்டும், மூன்று சமப் பங்காக இல்லாமல், பந்து வகுப்புக்குப் பாதி மைதானம், மற்ற இருவருக்கும் கால் கால். பந்து வகுப்பு சுவர்ப் பக்கம் இருந்தால் நல்லது, பந்து ஒரு பக்கமாவது தானாக நிற்கும்.

எந்த முறையைப் பிடித்தாலும் அறை இல்லை என்கிற குறைக்கு என் பதில் ஒன்றுதான்: ஒரு தடவையில் இரண்டு பிள்ளைகள் தூக்கி வர முடியாத எதையும் வாங்காதீர்கள், மைதானத்திலேயே நிற்கக்கூடியதை மைதானத்திலேயே வையுங்கள். சுற்றுச்சுவரில் பெயிண்டால் வட்டங்கள் போட்டுவிட்டால் எறிவதற்குக் குறி தயார், அதை யாரும் திருடவும் முடியாது. பழைய லாரி டயரைப் பாதி புதைத்தால் தாண்ட, ஏற, ஊர்ந்து போக ஆகும், ஆனால் உள்ளே மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதுதான் வீடு, சுகாதாரத் துறையிலிருந்து வந்து கேட்பார்கள். அதனால் உள்பக்கம் மண்ணை நிரப்பிவிடுங்கள் அல்லது தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். கோடு போடுவதற்கு நீற்றுச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். வெள்ளைக் கல் மாவுக் கோலப்பொடி போதும், அதுவும் இல்லை என்றால் குச்சியால் கீறிய கோடே ஒரு பீரியடுக்குத் தாங்கும்.

ஆக, நான் என்ன செய்வேன்? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு வளையமும் டியூப் பந்தும்தான் முதல், அதோடு உடைத்துப் போட்ட கோ-கோ. ஒன்பது, பத்துக்கு இரண்டு இடச் சுழற்சியில் ஆரம்பித்துப் பொங்கலுக்குள் நாலுக்குக் கொண்டுவருவேன், பந்து சேர்க்கிற நாளில் மட்டும் சுழற்சி இல்லாமல் வகுப்பு முழுவதும் ஒரே ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும். 50க்கு மேல் பிள்ளைகள் இருந்தால் சுழற்சியை மறந்துவிட்டு, வளைய வரிசை பத்து நிமிடம், சின்னக் கோ-கோ பதினைந்து நிமிடம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகிவிட்டால் வராந்தாவில் டியூப் பந்து மட்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கு ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை என்று ஒதுக்கீடு இருக்கிறது. அந்தத் தொகை வருகிற வருஷம் கேரம் போர்டு, செஸ் செட், பெரிய வலை என்று போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 25 வளையம், அப்புறம் ஒரே அளவில் ஆறு ரப்பர் வாலிபால், அதை எறிபந்துப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம், தூக்கி வர இரண்டு வலைப்பை, காற்றடிக்கும் பம்ப் ஒன்று, கூடவே ஊசி நாலைந்து. பம்பைவிட ஊசிதான் சீக்கிரம் வளையும், உடையும், ஊசி இல்லாத பள்ளியில் நல்ல பந்துகூட மேசைக்கு அடியில் சப்பையாகக் கிடக்கும்.